அடித்தவன் பெயரைச் சொல்லாத மாடு

மகன்,

ஐந்து நாளாக உனக்குப் போன் கோல் எடுத்துப் பார்க்கிறேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. மாங்கேணிக்கு நேரே வந்துவிடலாம் என்று சனிக்கிழமை பஸ் ஏறப்போனேன், உன் அம்மா மறித்துவிட்டாள். முதலாளி மீனுக்கு ஐஸ் போடுகிற வாடியில், அவருடைய ஆட்களுக்கு நடுவில் நானும் நீயும் என்ன கதைக்க முடியும் என்று கேட்டாள். அதுவும் சரிதான். அதனால் எழுதுகிறேன். நாளைக்கு அவள் உன் சேட்டுகளைக் கொண்டு வரும் பையில் இதை வைத்து அனுப்புகிறேன். ஒட்டவில்லை. வழியில் யார் எடுத்து வாசித்தாலும் வாசிக்கட்டும், எனக்கு இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் நீ வியாழக்கிழமைக்கு முன் இதை வாசித்துவிட வேண்டும். பாதியில் மடித்து வைக்காதே. நான் கதையை வளவளவென்று இழுக்கிறவன் என்று நீ சொல்வாய், ஓம், இழுக்கிறவன்தான், இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்.

நீ என்னிடம் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன். பிறகு நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று நீ சொல்லக்கூடாது. அன்றைக்கு விடியச் சாமம் மீன் ஏற்றிய லொறியில் மூன்று பேர் வந்தீர்கள். வழக்கமாக ஓட்டுகிற நஸீருக்குக் காய்ச்சல். அவரை யன்னல் பக்கம் இருத்திவிட்டு முதலாளியே ஓட்டினார். நீ நடுவில் இருந்தாய். பனிச்சங்கேணிப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், வலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன மனிசனை லொறி அடித்தது. அந்த மனிசன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டார். பொலிஸ் வந்தபோது முதலாளி, ஓட்டினது நஸீர் என்றார். நஸீர் இல்லை என்றார். உன்னைக் கேட்டார்கள். நீ, "நான் நித்திரை, ஒண்டும் காணல்ல" என்றாய். அந்த ஒரு சொல்லோடு நஸீர் உள்ளே போனார், இன்றைக்கு வரைக்கும் உள்ளேதான். வியாழக்கிழமை நீதிமன்றத்தில் உன்னைக் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை உனக்குக் கட்டார் விமானம், விசாவும் வேலையும் முதலாளி பார்த்துக் கொடுத்தது. இதெல்லாம் நீயே, போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு இருந்து சொன்னவை. சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. துணி வெட்டின துண்டுகளை எடுத்து எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாய்.

நான் உன்னைத் திட்டவில்லை. "மகன், உள்ளதைச் சொல்லிரு" என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு நீ திருப்பித் தந்தது இன்னும் என் காதில் நிற்கிறது. "அப்பா, நீங்கதானே கோயிலில வருசா வருசம் சொல்றீங்க. இது கலி. மூணு கால் முறிஞ்ச மாடு ஒத்தக் காலில நிக்குது. அந்த மாடே அடிச்சவன்ர பேரைச் சொல்லல்ல. என்னை மட்டும் என்னத்துக்குச் சொல்லச் சொல்றீங்க?" என்றாய். முப்பது வருடம் கல்லடியில் பகலில் சேட்டுத் தைத்து, ஆடிமாதப் பின்னேரங்களில் கோயிலில் ஒருவர் பாட்டை இராகமிழுத்துப் படிக்க, நான் பக்கத்தில் இருந்து பொருள் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் என்னை மடக்கியது கிடையாது. நீ மடக்கினாய், அதுவும் என் சொற்களாலேயே. நீ எழும்பிப் போன பிறகு அந்தக் கதையை முதலில் இருந்து எனக்கே சொல்லிப் பார்த்தேன். எங்கே பிழைத்தேன் என்று அப்போது தெரிந்தது.

உனக்குக் கதை தெரியும், ஆனால் நான் சொல்லித் தெரியும், அதுதான் கேடு. ஆகையால் உள்ளபடி ஒருமுறை சொல்கிறேன். காலம் நேரே போய்க்கொண்டிருப்பது இல்லை, சுற்றுகிறது. நான்கு யுகம் ஒரு சுற்று. கிருதம் பதினேழு இலட்சத்து இருபத்தெட்டாயிரம் வருடம், திரேதம் பன்னிரண்டு இலட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம், துவாபரம் எட்டு இலட்சத்து அறுபத்து நாலாயிரம், கலி நாலு இலட்சத்து முப்பத்தீராயிரம். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்குகிற கணக்கு. அந்தப் பெயர்களே சூதாட்டக் காய் விழும் பெயர்கள்தான்: நாலு விழுந்தால் கிருதம், ஒன்று விழுந்தால் கலி. ஆயுசும் குறையும், அறமும் குறையும். அறத்தை ஒரு மாடாக வைத்தார்கள். தவம், தூய்மை, இரக்கம், சத்தியம் என்று அதற்கு நாலு கால். கிருதத்தில் நாலிலும் நின்றது. அப்போது சட்டமும் வேண்டியதில்லை, விற்பதும் வாங்குவதும் இல்லை, கடவுளே வெள்ளை நிறத்தில் இருந்தார். பிறகு யுகத்துக்கு ஒரு கால் போயிற்று, கடவுளின் நிறமும் சிவப்பாகி, மஞ்சளாகி, இப்போது கறுப்பு. கலி முடிகிற நேரத்தில் வாளோடு குதிரையில் ஒருவர் வருவார், மறுபடியும் கிருதம் பிறக்கும், மறுபடியும் இறங்கும். இப்படி ஆயிரம் சுற்றுப் போனால்தான் பிரமனுக்கு ஒரு பகல்.

பழைய கதைகாரர்களுக்கு இது என்னத்துக்குத் தேவைப்பட்டது என்று நீ சின்னனில் ஒருமுறை கேட்டாய், நான் மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். அவர்களிடம் ஒரு பெரிய போர்க்கதை இருந்தது. அதில் நல்லவர்கள் கூட அழுக்கான வேலை பார்த்தார்கள். வாழ்நாளில் பொய்யே சொல்லாத ஒரு மனிதர், எதிரிப்படையில் நின்ற தன் குருவின் கையில் இருந்த ஆயுதத்தைக் கீழே போட வைக்க, அரைவாசியை உரத்தும் அரைவாசியை முணுமுணுத்தும் ஒரு சொல் சொன்னார். அதுவரை நிலத்தில் படாமல் நாலு விரல்கடை மேலே ஓடிய அவருடைய தேர் அந்தக் கணமே மண்ணில் இறங்கியது. கேட்கிற சனத்துக்கு நெஞ்சு பொறுக்காது. இவரே இப்படிச் செய்தால் நாங்கள் எம்மாத்திரம் என்று கேட்பார்கள். கதைகாரர் அந்தப் போரைக் கொண்டுபோய்த் துவாபரமும் கலியும் பொருந்துகிற சந்தியில் வைத்தார். அங்கே வைத்தவுடன் எல்லாவற்றுக்கும் விளக்கம் வந்துவிட்டது: யுகம் புரளுது, மனிசரும் புரளுறாங்க. நானும் அப்படித்தான் பொருள் சொல்லி வந்தேன். ஆனால் கவனித்துப் பார் மகன். தேர் எப்போது இறங்கியது? நாள்காட்டியில் கலி பிறந்தபோது இல்லை. அந்த மனிதர் வாயைத் திறந்து அதைச் சொன்னபோது இறங்கியது. இதை முப்பது வருடமும் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் என் காதில் விழவில்லை.

எனக்கு யுகக் கதை பிடித்ததற்குக் காரணம் வேறு. அது சோலி இல்லாத கதை. எதற்கும் பொருந்தும். புயல் அடித்தால் கலி முத்திவிட்டது, கடல் வந்தால் கலி முத்திவிட்டது, வயல் வட்டையில் தண்ணீர் இல்லாவிட்டாலும் கலி முத்திவிட்டது. உன்னையும் அதிலேதான் வளர்த்தேன். நீ ஒன்பதாம் வகுப்பில் பந்தடித்துப் பள்ளிக்கூட யன்னல் கண்ணாடியை உடைத்தாய். அடி வாங்கினது உன் கூட்டாளி. வீட்டுக்கு வந்து அழுதுகொண்டு சொன்னாய், நாளைக்குப் போய் வகுப்புச் சேரிடம் சொல்லட்டா என்று கேட்டாய். நான் சிரித்துக்கொண்டு, "பேசாம கிட மகன். கலியில பிழைக்கத் தெரிஞ்ச புள்ளடா நீ" என்று முதுகில் தட்டினேன். உனக்கு அது ஞாபகம் இருக்குமோ தெரியாது. அன்றைக்கு நீயாகவே உண்மை சொல்ல எழும்பினாய், நான் பிடித்து இருத்தினேன். இப்போது அதே பிள்ளையிடம் போய் எழும்பு எழும்பு என்று கெஞ்சுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். பூமணி மாமியை உனக்குத் தெரியும், ஒவ்வொரு வருடமும் கோயில் படிப்புக்கு முன் வரிசையில் வந்து இருப்பாளே, அவள்தான். அவளுடைய மகனைச் சண்டைக் காலத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதும் தெரியும். அது நடந்தது என் கடைக்கு எதிரே. நீ அப்போது பிறக்கவில்லை. காலை பத்துமணி இருக்கும், நான் மெசினில் இருந்தேன். பெயிண்ட் உரிந்த ஒரு நீல வான் வந்து நின்றது. இறங்கினவர்களில் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் போட்டிருந்த சேட்டு நான் தைத்தது, அந்த இரட்டைத் தையல் போட்ட பைமூடி வேறு யாருடைய வேலையும் இல்லை. பெயரும் தெரியும், வீடும் தெரியும், அவனுடைய தாய் பூமணிக்குத் தூரத்துச் சொந்தம். பொடியனை ஆள் காட்டினவன் அவன்தான். அரைநிமிசம் கூட எடுக்கவில்லை, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னேரம் பூமணி தலைவிரிகோலமாக ஓடிவந்து, "அண்ணன், நீங்க இங்கதானே இருந்த? ஆரெண்டாவது கண்டீங்களா?" என்று கேட்டாள். நான், "இல்ல தங்கச்சி, நான் உள்ளுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்த" என்றேன். எனக்குப் பயம். உன் அம்மா அப்போது உன் அக்காவோடு ஏழு மாதம். பயத்தை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன், அந்தக் காலத்தில் பயப்படாதவன் எவன். அடுத்த நாளும் அவள் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, யுகக் கணக்குச் சொன்னேன். "இது கலி தங்கச்சி, ஆரை நொந்து என்ன. மாடே அடிச்சவன்ர பேரைச் சொல்லல்ல" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அதுதான் நான் செய்த பாவம்.

அந்த மாட்டுக் கதையை அன்றைக்குத்தான் முதன்முதல் அப்படிச் சொன்னேன். பிறகு கோயிலிலும் அதே பொருள்தான். ஓர் அரசன் நாடு சுற்றி வருகிறான். ஒற்றைக் காலில் நிற்கிற வெள்ளை மாடு ஒன்றை, அரச உடுப்புப் போட்ட ஒருவன் தடியால் அடிப்பதைக் காண்கிறான். பக்கத்தில் ஒரு பசு அழுதுகொண்டு நிற்கிறது, அது பூமி. உன் மூன்று காலையும் முறித்தவன் யார் என்று அரசன் கேட்கிறான். மாடு சொல்லவில்லை. விதி என்பார் சிலர், வினை என்பார் சிலர், இயற்கை என்பார் சிலர், எனக்கு எப்படித் தெரியும், நீயே யோசித்துப் பார் என்கிறது. அரசன் அசந்துபோய், நீதான் அறம், பாவியைக் காட்டிக் கொடுக்கிறவனுக்கும் பாவிக்குக் கிடைக்கிற இடமே கிடைக்கும் என்று அறிந்துதான் இப்படிப் பேசுகிறாய் என்கிறான். இந்த இடம் வந்தால் சனம் முழுக்கத் தலையாட்டும். அந்த வருடங்களில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லாமல் விட்ட ஒரு பெயர் இருந்தது. நான் அங்கேயே நிறுத்தி, பெருமூச்சு விட்டு, பாட்டுப் படிக்கிறவருக்குக் கை காட்டுவேன். மிச்சக் கதையை அவசரமாக ஓட்டிவிடுவேன். நல்ல பொருள்காரன் என்று எனக்குப் பெயர் வந்ததே இந்த இடத்தால்தான்.

போன வெள்ளிக்கிழமை படிப்பு மறுபடியும் அங்கே வந்தது. நீ சொல்லிவிட்டுப் போனதற்குப் பிறகு எனக்குப் பொருள் சொல்ல மனம் வரவில்லை. சும்மா கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பூமணி முன் வரிசையில் இருந்து, "அண்ணன், கலி இன்னும் எத்தின வருசம் கிடக்கு?" என்று கேட்டாள். ஒருவரும் இடையில் கேட்பதில்லை, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னேன், கலி பிறந்து ஐயாயிரத்துச் சொச்சம்தான், நாலு இலட்சத்துக்கு மேல் இன்னும் கிடக்கு, முதல் முப்பத்தாறாயிரம் வருடம் வெறும் விடியற் சந்தி, அதுவே இன்னும் கழியவில்லை என்று. சொல்லும்போதே எனக்குச் சுட்டது. விடியற் சந்தியில் நின்றுகொண்டு முத்திவிட்டது முத்திவிட்டது என்று முப்பது வருடம் கத்தியிருக்கிறேன். அவள் விடவில்லை. "இது முடிஞ்சு திரும்ப நாலு யுகமும் வருமெண்டு சொல்றீங்களே. அப்ப அந்தக் கலியிலயும் என்ர புள்ளைய இந்த றோட்டில வெச்சு ஏத்துவாங்களா? அப்பவும் ஒருத்தரும் கண்டிரிக்க மாட்டாங்களா?" என்றாள். கோபத்தில் கேட்கவில்லை மகன். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டிக் கேட்டாள். எழும்பி வந்துவிட்டேன். தலைசுற்று என்று சொன்னேன், அதுவும் ஒரு பொய்.

சனிக்கிழமை விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். மாங்கேணிக்கு பஸ் ஏறப்போனது அதற்குப் பிறகுதான். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: வான், சேட்டு, பெயர், வீடு. ஆள் காட்டினவன் இப்போது உயிரோடு இல்லை, அவனுடைய தாயும் இல்லை. அந்த வாரமே நான் சொல்லியிருந்தால் இவள் போய் அந்தத் தாயின் காலைப் பிடித்திருப்பாள். பொடியன் வந்திருப்பானோ மாட்டானோ, எனக்குத் தெரியாது, ஆனால் பிடிக்க ஒரு கால் இருந்திருக்கும். பூமணி விளக்குமாறை விடாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை. "புள்ள கூப்பிட்டவனா?" என்று மட்டும் கேட்டாள். நான் ஓம் என்றேன். "என்னையா?" என்றாள். அங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். ஓம், அம்மா எண்டுதான் கூப்பிட்டவன் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஓர் ஆறுதல். நான், "இல்ல தங்கச்சி. என்னைக் கண்டுட்டுக் கூப்பிட்டவன். மாமா எண்டு ரெண்டு தரம். நான் மெசினை நிப்பாட்டல்ல" என்றேன். பிறகு, "நீங்க போங்க அண்ணன்" என்றாள். மன்னிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. படலையைச் சாத்திவிட்டுக் கூட்டத் தொடங்கினாள். நான் றோட்டில் நின்று குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதேன்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன், நீ அதைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறாய். மாடு பெயர் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் மாடு யார்? அடிபட்டது. தன் காலை முறித்தவனைக் கூட நேரே குற்றம் சொல்லாத பெருந்தன்மை அடிபட்டவனுக்கு இருக்கலாம், அது அவனுடைய உரிமை. பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு அந்த உரிமை கிடையாது. கதையில் பார்த்தவன் அரசன். அவன் பெருமூச்சு விட்டுப் போகவில்லை. அரச உடுப்புப் போட்டவன் அரசன் இல்லை, கலி என்று கண்டுபிடித்து வாளை உருவினான். கலி உடுப்பைக் கழற்றிப் போட்டுக் காலில் விழுந்தது. நான் அவசரமாக ஓட்டிய மிச்சக் கதை இதுதான். நானும் நீயும் மாடு இல்லை மகன். அன்றைக்கு மாடு அந்தப் பொடியன், இன்றைக்கு மாடு நஸீர். நாங்கள் பார்த்தவர்கள். இன்னொன்று, மிஞ்சின அந்த ஒற்றைக் கால் எது என்று உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லித்தரவே இல்லை. தவம் போயிற்று, தூய்மை போயிற்று, இரக்கமும் போயிற்று. நிற்பது சத்தியம் ஒன்றுதான். பொய்யைத் தின்று வளர்கிற கலி அதையும் முறிக்கத்தான் தடியை ஓங்கிக்கொண்டு நிற்கிறது என்று பாட்டிலேயே இருக்கிறது. கலிகாலம், ஆகையால் பொய் சொல்லலாம் என்று அந்தக் கதை எங்கேயும் சொல்லவில்லை. கலிகாலம், ஆகையால் பொய் மட்டும் சொல்லாதே என்றுதான் சொல்கிறது.

யுகம்தானே மனிதனை இப்படி ஆக்குகிறது என்று நீ கேட்பாய். அந்தக் கேள்வியும் கதையில் இருக்கிறது. போர் முடிந்த பிறகு, அம்புப் படுக்கையில் கிடக்கிற கிழவரிடம் புது அரசன் வந்து நிற்கிறான். காலம் அரசனை ஆக்குகிறதா, அரசன் காலத்தை ஆக்குகிறானா என்பதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம், ஆக்குகிறவன் அரசன்தான் என்று கிழவர் அடித்துச் சொல்கிறார். நீதியை முழுதாக நடத்தினால் அது கிருதம், காற்பங்கை விட்டால் திரேதம், பாதியை விட்டால் துவாபரம், முழுக்கக் கைவிட்டால் கலி. நாங்கள் அரசர் இல்லை. ஆனால் அன்றைக்கு என் மெசின் மிதியிலிருந்து காலை எடுப்பதும் எடுக்காததும் என் ஆட்சி. அந்த லொறிக்குள் யார் ஓட்டினது என்று சொல்வது இன்றைக்கு உன்னுடைய ஆட்சி. வேறு எந்த நீதவானுக்கும் அது கிடையாது. இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள். கிருதத்தில் பத்து வருடம் பாடுபட்டுப் பெறுகிற பலனைத் திரேதத்தில் ஒரு வருடத்தில் பெறலாம், துவாபரத்தில் ஒரு மாதத்தில், கலியில் ஒரே ஒரு நாளில். அதற்காகவே கலி நல்ல யுகம் என்று சொன்ன முனிவர்களும் இருக்கிறார்கள். எனக்கு முப்பது வருடம் போய்விட்டது. உனக்கு அந்த ஒரு நாள் இருக்கிறது.

உன் அம்மா இதை எழுத விடமாட்டேன் என்றுதான் நின்றாள். "என்ர மகன் கட்டாருக்குப் போகட்டும், அவன்ர வாழ்க்கையைக் கெடுக்காதீங்க" என்று அழுதாள். முதலாளியின் ஆட்கள் உன்னை என்ன செய்வார்களோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். கட்டார் போகும், வேலை போகும், மாங்கேணிப் பக்கம் தலைகாட்ட முடியாமல் போகும். நான் இன்றைக்கும் ஒரு நாளைக்கு இரண்டு சேட்டுத் தைக்கிறேன், மூன்று பேருக்குக் கஞ்சி வார்க்க அது போதும். நேற்று ஓட்டமாவடிக்குப் போய் நஸீரின் மனைவியைக் கண்டேன். என்னை யார் என்று சொன்னவுடன் கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். "உங்கட மகன் நல்ல புள்ள மாமா. அவர்ர சோத்துப் பார்சலைப் பிரிச்சு ரெண்டு பேரும்தான் தின்பாங்க எண்டு இவர் சொல்வார். அந்தத் தம்பி நித்திரையாப் போயிட்டாராமே, முழிச்சிருந்தா இவர் இண்டைக்கு வீட்டில இருந்திரிப்பார்" என்றாள். அவள் நம்புகிறாள் மகன். நீ உண்மையாகவே நித்திரை என்று நம்புகிறாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அதைத் திறக்க வேண்டியவன் நீ என்பதால் திறக்கவில்லை. எத்தனை நாளைக்கு இப்படி இருப்பேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

வியாழக்கிழமை காலை உனக்கு முன்னால் நான் நீதிமன்றத்துக்கு வந்துவிடுவேன். வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். மகன் தன்னிடம் சொன்னதைத் தகப்பன் வந்து சொன்னால் பெரிதாக எடுபடாது, பேசாமல் இருக்கச் சொல்லி வெளியே அனுப்புவார்கள் என்றார். அனுப்பட்டும். உன்னைக் கேட்டு, நீ மறுபடியும் நித்திரை என்று சொன்னாயானால், நான் பார்க்க வந்தவர்கள் இருக்கிற வாங்கிலிருந்து எழும்பி, அந்தச் சனம் அத்தனைக்கும் முன்னால், இவன் என் மகன், இவன் பொய் சொல்கிறான் என்று சொல்வேன். சொல்லிவிட்டு உயிரோடு வீடு வந்து சேர்வேனோ தெரியாது. அதை என் வாயால் சொல்ல வைத்துவிடாதே, மகன்.

அப்பா